பெட்டி வரவில்லையா? விமான நிறுவனத்துக்குப் புகார் எழுதும் முறை

வெளிநாட்டுப் பயணத்தில் விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த பெட்டி, வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழிந்தும் கைக்கு வரவில்லை என்றால், அது தொலைந்துவிட்டதாகவே கொண்டு பயணி இழப்பீடு கேட்கலாம். நிறுவனம் "இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று சொன்னாலும் இந்த உரிமை தள்ளிப்போகாது. 1999-ல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தம் தரும் உரிமை இது. இந்தியாவில் 2009-லிருந்து இந்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது.

உரிமை இருந்தும் பலருக்குப் பணம் கைக்கு வருவதில்லை. புகாரில் கோபமும் வேதனையும் விரிவாக இருக்கும்; எந்தத் தேதியில் என்ன நடந்தது, எவ்வளவு தொகை வேண்டும் என்ற இரண்டு மட்டும் இருக்காது. உரிமைக்கோரல் பிரிவில் கடிதத்தைப் படிப்பவர் தேடுவது இந்த இரண்டைத்தான். அவை இல்லாவிட்டால் "வருந்துகிறோம், விசாரிக்கிறோம்" என்று ஒரு பதிலை அனுப்பிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார்.

எடுத்துக்காட்டாக ஒரு பயணத்தை வைத்துக்கொள்வோம். திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து புறப்படுகிறார். போக வர ஒரே டிக்கெட். வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி, 2025 ஜனவரி 6 பிற்பகல் பிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறார். ஒப்படைத்த பெட்டிகள் இரண்டு. பெல்ட்டில் வந்தது ஒன்று.

விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன்

முதல் வேலை, அங்கேயே இருக்கும் பேக்கேஜ் கவுன்டரில் பிஐஆர் எனப்படும் அறிக்கையைப் பதிவு செய்வது. பெட்டியின் வகை, நிறம், பிராண்ட், அடையாளம், பயணி தங்கும் முகவரி ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு ஓர் எண்ணைத் தருவார்கள். அது FRAXX12345 என்பதைப் போல எழுத்தும் இலக்கமுமாகப் பத்து இடங்கள் கொண்ட எண். முதல் மூன்று எழுத்துகள் விமான நிலையத்தையும், அடுத்த இரண்டு நிறுவனத்தையும் குறிக்கும். மீதி ஐந்தும் வரிசை எண். உலகம் முழுவதும் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் வேர்ல்ட்டிரேசர் என்ற தேடுதல் முறையில் பெட்டியின் விவரம் இந்த எண்ணில்தான் ஏறும்.

கூடவே பேக்கேஜ் டேக்கையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். செக்-இன் செய்தபோது போர்டிங் பாஸின் பின்பக்கம் ஒட்டித் தரும் சிறு துண்டுதான் அது. அதிலும் ஓர் எண் இருக்கும். பெட்டியை நிறுவனம் பெற்றுக்கொண்டது என்பதற்குப் பயணியிடம் உள்ள முக்கியச் சான்று அது என்பதால், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கிழித்துப் போட்டுவிடக் கூடாது.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிஐஆர் என்பது பெட்டியைத் தேடச் சொல்லும் பதிவு. அதில் தொகை எதுவும் இருக்காது, இழப்பீடு கேட்டதாகவும் ஆகாது. "அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேனே" என்று அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் பின்னால் சிக்கிக்கொள்கிறார்கள். இழப்பீட்டுக்குத் தனியாக, எழுத்தில் புகார் தர வேண்டும்.

எந்தத் தேதிக்கு என்ன பொருள்?

நம் ஆசிரியையின் கணக்கில் முதல் தேதி ஜனவரி 6, பெட்டி வந்திருக்க வேண்டிய நாள். பெட்டி வராமலே போனால் மற்ற எல்லாக் கெடுவும் இதிலிருந்தே எண்ணப்படும். 21 நாள் முடிவது ஜனவரி 27. அதற்குப் பிறகு அவர் எழுதுவது தாமதம் பற்றிய விசாரிப்பாக இருக்காது, தொலைந்த பெட்டிக்கான இழப்பீட்டுக் கோரிக்கையாகவே இருக்கும். வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம். 2027 ஜனவரி 6-க்குள் வழக்கு பதிவாகாவிட்டால் உரிமையே அற்றுப்போகும்.

பெட்டி நடுவில் வந்துவிட்டால் கணக்கு மாறும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். உடைந்தோ, உள்ளே பொருள் சேதமாகியோ வந்தால் 7 நாள்தான். "பெட்டிதான் வந்துவிட்டதே, செலவுக் கணக்கை ஊருக்குப் போய் அனுப்பலாம்" என்று ஆறப்போடுபவர்கள் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். கெடு தவறினால், நிறுவனம் மோசடி செய்திருந்தால் ஒழிய வழக்கே நிற்காது.

ஆசிரியையின் பெட்டி வரவே இல்லை. அந்த 21 நாளும் அவர் சும்மா இருக்கவில்லை. ஜனவரிக் குளிரில் ஜாக்கெட் இல்லாமல் வெளியே போக முடியாது என்பதால், மறுநாளே தேவையானதை மட்டும் வாங்கி ரசீதுகளை வைத்துக்கொண்டார். 9-ம் தேதி தொலைபேசியில் கேட்டபோது, "விமானம் மாறிய இடத்தில் பெட்டி ஸ்கேன் ஆகவில்லை" என்று ஊழியர் சொன்னார். அதை அன்றே ஒரு மின்னஞ்சலில் எழுதி, "இன்று தங்கள் அலுவலகம் எனக்குச் சொன்ன தகவல் இது" என்று நிறுவனத்துக்கே அனுப்பிவிட்டார். வாய்ப்பேச்சைத் தேதியுள்ள ஆவணமாக மாற்ற இதைவிட எளிய வழி கிடையாது.

அந்த ஸ்கேன் தகவலுக்கு மதிப்பு உண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் 753-ம் தீர்மானப்படி, 2018 ஜூனிலிருந்து உறுப்பு நிறுவனங்கள் பெட்டியை நான்கு கட்டங்களில் பதிவு செய்ய வேண்டும்: பயணியிடம் பெறும்போது, விமானத்தில் ஏற்றும்போது, விமானம் மாறும் இடத்தில், பயணியிடம் திரும்பத் தரும்போது. ஆகவே எந்தக் கட்டம்வரை பதிவு இருக்கிறது என்று கேட்கலாம். பதில் வராவிட்டாலும், கேட்டோம் என்பது பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் உதவும்.

விமானம் மாறும்போது நிறுவனமும் மாறியிருந்தால், ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவது வழக்கம். பெட்டி விஷயத்தில் முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், எந்தப் பகுதியில் தொலைந்ததோ அந்தப் பகுதியை இயக்கிய நிறுவனம் ஆகிய மூன்றில் யாரை வேண்டுமானாலும் பயணி கேட்கலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. எங்கே தொலைந்தது என்று பயணிக்குத் தெரிய வழியில்லை. எனவே முதல், கடைசி நிறுவனங்கள் இரண்டுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது நல்லது.

எவ்வளவு கேட்பது?

ஒரு பயணியின் பெட்டிகளுக்கு ஒப்பந்தம் வைத்துள்ள உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். சர்வதேச நாணய நிதியம் பயன்படுத்தும் கணக்கு அலகு இது. 2024 டிசம்பர் 28-க்கு முன்பு வரம்பு 1,288 ஆக இருந்தது. 2025-ன் தொடக்கத்தில் 1,519 எஸ்.டி.ஆர். என்பது ஏறத்தாழ 1.7 லட்சம் ரூபாய். அலகின் மதிப்பு நாளுக்கு நாள் மாறும். நாணய நிதியத்தின் இணையதளத்தில் அன்றன்றைய மதிப்பு வெளியாகிறது.

இந்தத் தொகையைப் பார்த்ததும் "முழுவதையும் கொடுங்கள்" என்று எழுதத் தோன்றும். அது பலிக்காது. ஸ்பெயினில் பெட்டியைத் தொலைத்த ஒரு பயணி இப்படித்தான் உச்சத் தொகையைக் கேட்டார். பெட்டி தொலைவதைவிடப் பெரிய இழப்பு இல்லை, ஆகவே உச்சத் தொகை தானாகவே சேர வேண்டும் என்பது அவர் வாதம். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை போனது. வரம்பு என்பது மேல் எல்லைதானே தவிர எல்லோருக்கும் தரும் நிலையான தொகை அல்ல, இழப்பைப் பயணி காட்ட வேண்டும் என்று 2020 ஜூலையில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் ஒப்பந்தத்தின் வாசகம் எங்கும் ஒன்றுதான். நிறுவனங்கள் எடுத்துவைக்கும் வாதமும் ஒன்றுதான்.

ஆகவே பட்டியல் போட வேண்டும். பொருள், வாங்கிய காலம், வாங்கிய விலை, இப்போது கேட்கும் தொகை என நான்கு விவரங்கள் போதும். பழைய பொருளுக்குப் புதுவிலை கேட்டால் நிறுவனம் தேய்மானம் கழிக்கும். எவ்வளவு கழிப்பது என்பதை அது தன் விருப்பப்படி முடிவு செய்யும். நாமே நியாயமாகக் கழித்துக் காட்டினால் பட்டியல் முழுவதற்கும் நம்பகம் கூடும்.

ஆசிரியையின் பட்டியல் இப்படி அமைந்தது. 2023-ல் 7,800 ரூபாய்க்கு வாங்கிய பெட்டிக்கு 5,500. முந்தைய மாதம் வாங்கிய இரண்டு பட்டுப் புடவைகளுக்கு, பில் இருந்ததால், முழு விலையான 18,400. அன்றாட உடைகளுக்கு 8,000. இரண்டு ஜோடிக் காலணிக்கு 4,000. கூடுதலாக எடுத்துவந்த மூக்குக் கண்ணாடிக்கு 5,500. மகளுக்காகக் கொண்டுவந்த பொடி வகைகள், பலகாரம், பாத்திரங்களுக்கு 6,300. மொத்தம் 47,700 ரூபாய்.

இதோடு பிராங்க்ஃபர்ட்டில் செய்த அவசரச் செலவு: ஜாக்கெட் 79 யூரோ, குளிருக்கான உள்ளாடை 38, சாதாரண உள்ளாடையும் காலுறையும் 26, சோப்பு, பேஸ்ட் வகையறா 21. மொத்தம் 164 யூரோ. கார்டில் கழிந்த தொகை 14,760 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 62,460.

தொலைந்த பெட்டியில் ஒரு பழைய கம்பளி ஜாக்கெட்டும் இருந்தது. அதை அவர் பட்டியலில் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக வாங்கிய புது ஜாக்கெட்டின் விலையை ஏற்கெனவே கேட்டுவிட்டார். இரண்டையும் கேட்டால் ஒரே இழப்புக்கு இருமுறை கேட்டதாகும். உரிமைக்கோரல் பிரிவில் இருப்பவர்கள் முதலில் தேடுவது இத்தகைய இரட்டைக் கணக்கைத்தான். ஒன்று அகப்பட்டால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

பில் இல்லாத பொருளுக்கு என்ன செய்வது? வங்கிக் கணக்கு அறிக்கை, இணையத்தில் வாங்கிய ஆர்டர் விவரம், அதே புடவையைக் கட்டிக்கொண்டு எடுத்த படம் எல்லாம் சான்றாகும். நகை, ரொக்கம், மடிக்கணினி ஆகியவற்றை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது என்று பெரும்பாலான நிறுவனங்களின் விதிகள் சொல்வதால், அவற்றுக்குக் கேட்கும் தொகை பெரும் தகராறில்தான் போய் முடியும்.

கடிதம்

ஜனவரி 28 அன்று ஆசிரியை நிறுவனத்தின் இணையதளப் படிவத்திலும் மின்னஞ்சலிலும் அனுப்பிய கடிதத்தின் சாரம் கீழே. ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே வரிசை பொருந்தும்.

> பொருள்: தொலைந்த பெட்டிக்கு ரூ. 62,460 இழப்பீடு கோருதல். பிஐஆர் எண் FRAXX12345, பேக்கேஜ் டேக் எண் (பத்து இலக்கம்), டிக்கெட் எண்.
>
> 1. 6.1.2025: சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட் வந்தேன். ஒப்படைத்த இரண்டு பெட்டிகளில் ஒன்று வரவில்லை. விமான நிலையத்திலேயே பிஐஆர் பதிவு செய்தேன்.
>
> 2. 7.1.2025: அவசரத் தேவைகளை 164 யூரோவுக்கு வாங்கினேன். ரசீதுகள் இணைப்பு 3.
>
> 3. 9.1.2025: விமானம் மாறிய இடத்தில் பெட்டி ஸ்கேன் ஆகவில்லை எனத் தங்கள் அலுவலகம் தொலைபேசியில் தெரிவித்தது. அன்றே நான் அனுப்பிய மின்னஞ்சல் இணைப்பு 4.
>
> 4. 15.1.2025: தாங்கள் கேட்டபடி பெட்டியில் இருந்த பொருட்களின் பட்டியலை அனுப்பினேன்.
>
> 5. 27.1.2025: பெட்டி வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் முடிந்தது. இன்றுவரை பெட்டி வரவில்லை.
>
> மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் 17-ம் பிரிவின்படி பெட்டியைத் தொலைந்ததாகக் கொண்டு, கீழ்க்கண்ட தொகையைக் கோருகிறேன். பெட்டியும் பொருட்களும் ரூ. 47,700 (பட்டியல் இணைப்பு 5). அவசரச் செலவு ரூ. 14,760, மொத்தம் ரூ. 62,460. இது ஒப்பந்தத்தின் 22-ம் பிரிவு வரம்புக்கு உட்பட்டது.
>
> இத்தொகையை 27.2.2025-க்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். எந்தப் பொருளுக்காவது மறுப்போ குறைப்போ இருந்தால், அந்தப் பொருளையும் காரணத்தையும் விதியையும் குறிப்பிட்டு எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன். பயணக் கூப்பனை ஏற்க இயலாது.

ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. ஊழியர் முகம் கொடுத்துப் பேசாதது, மகள் வீட்டில் சங்கடப்பட்டது எதுவும் இதில் இல்லை. அவை பொய் என்பதால் விடவில்லை. இந்தக் கடிதத்தில் அவற்றுக்குத் தொகை இல்லை. மன உளைச்சலுக்கான கோரிக்கையை, தேவைப்பட்டால், நுகர்வோர் ஆணையத்தில் வைக்கலாம். நிறுவனத்துக்குப் போகும் முதல் கடிதத்தில் அதைச் சேர்த்தால், கணக்குக் காட்டிய 62,460 ரூபாயும் அந்தப் பேச்சில் அமுங்கிவிடும்.

கடைசிப் பத்திதான் கடிதத்தின் உயிர்நாடி. "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்திருந்தால் மன்னிப்புக் கடிதம் ஒன்றே தகுந்த நடவடிக்கை ஆகிவிடும். தொகை, தேதி, செலுத்தும் வழி மூன்றும் இருந்தால் நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும். காரணத்தோடு வரும் மறுப்பும் நமக்குப் பயன்படும் ஆவணமே.

பாதித் தொகை தருகிறோம் என்றால்

பெரும்பாலும் முதல் பதில் குறைந்த தொகையோடுதான் வரும். வாங்கிய உடைகள் பயணியிடமே இருக்கின்றன என்று அவசரச் செலவில் பாதியைக் கழிப்பார்கள். பட்டியலுக்கு உத்தேசமாக ஒரு தொகையைச் சொல்வார்கள். ஆசிரியைக்கு 25,000 ரூபாய் தருவதாகப் பதில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கூடவே கையெழுத்துப் போட ஒரு படிவமும் வரும். "முழு, இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்ற வரி அதில் இருந்தால், கையெழுத்திட்ட பிறகு மீதியைக் கேட்பது கடினம். "இத்தொகையைப் பகுதிப் பணமாக மட்டும் பெறுகிறேன், மீதிக்கான உரிமையை விடவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு குறைத்தார்கள் என்ற விவரத்தையும் கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகும் அசையாவிட்டால், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள நோடல் அதிகாரிக்கும், அவருக்கு மேல் உள்ள மேல்முறையீட்டு அதிகாரிக்கும் அதே கடிதத்தை அனுப்பலாம். மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். இவை பேசி முடிக்க உதவும். உத்தரவு போடும் அதிகாரம் இவற்றுக்கு இல்லை. அந்த அதிகாரம் உள்ள இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி பயணி தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆசிரியைக்கு அது திருச்சி. டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் மனுவை இணையம் வழியாகவே பதிவு செய்யலாம். தேதி வரிசையோடு எழுதிய கடிதம் இருந்தால், மனுவின் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதி முடித்த மாதிரிதான்.

உள்நாட்டுப் பயணத்துக்கு வேறு கணக்கு. சென்னையிலிருந்து டெல்லி போகும் வழியில் பெட்டி தொலைந்தால் நிறுவனத்தின் பொறுப்பு பொதுவாக 20,000 ரூபாயோடு நின்றுவிடும். பட்டுப் புடவைகளை அந்தப் பெட்டியில் வைப்பதா, கைப்பையில் வைப்பதா என்பதை அந்தத் தொகையை மனத்தில் வைத்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடிதப் போக்குவரத்து எவ்வளவு நீண்டாலும் இரண்டு ஆண்டுக் கெடு நின்று காத்திருக்காது. "பரிசீலனையில் உள்ளது" என்று வரும் பதில்கள் அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. ஆகவே பெட்டி வராத அன்றே அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கு ஆறு மாதம் முன்பும் பணம் வராமல் இருந்தால், நிறுவனத்துக்கு எழுதுவதை விட்டுவிட்டு ஆணையத்துக்குப் போய்விடுங்கள்.